15,000 ரூபாயில் நிற்கும் ஓய்வூதியம்

மாதம் 15,000 ரூபாய் சம்பளம் வாங்கும் தையல் தொழிலாளியின் பி.எஃப். பாஸ்புக்கையும், ஒரு லட்ச ரூபாய் வாங்கும் மேலாளரின் பாஸ்புக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஊழியர் பங்கு, நிர்வாகத்தின் பங்கு, ஓய்வூதியப் பங்கு என்று மூன்று பத்திகள் இருக்கும். முதல் இரண்டிலும் தொகைகள் மலைக்கும் மடுவுக்குமாக இருக்கும். மூன்றாவதில் மட்டும் இருவருக்கும் ஒரே தொகை: 1,250 ரூபாய். இரண்டு லட்சம் சம்பளம் என்றாலும் அங்கே 1,250-தான்.

இது பிழை அல்ல. இந்தியாவில் தொழிலாளர் ஓய்வூதியத்துக்கு ஒரு சம்பள உச்சவரம்பு இருக்கிறது. எவ்வளவு சம்பாதித்தாலும், ஓய்வூதியக் கணக்குக்கு உங்கள் சம்பளம் 15,000 ரூபாய் என்றே எடுத்துக்கொள்ளப்படும். 2014 செப்டம்பர் 1 அன்று வைத்த வரம்பு இது. அதற்கு முன் 2001 முதல் 6,500. அதற்கும் முன் 5,000.

பணம் பிரியும் வழியை முதலில் பார்த்துவிடலாம். அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 12 சதவீதம் ஊழியரிடம் பிடிக்கப்படுகிறது. அது முழுக்க அவருடைய வருங்கால வைப்பு நிதிக்குப் போகிறது. நிர்வாகமும் 12 சதவீதம் போடுகிறது. அந்த நிர்வாகப் பங்கிலிருந்து 8.33 சதவீதம் 1995-ஆம் ஆண்டின் ஊழியர் ஓய்வூதியத் திட்டத்துக்குத் திருப்பிவிடப்படுகிறது. வரம்பு வேலை செய்வது இந்த இடத்தில்தான்: 8.33 சதவீதத்தை முழுச் சம்பளத்தில் கணக்கிடாமல் 15,000-இல் கணக்கிடுவார்கள். அதுதான் அந்த 1,250. மத்திய அரசும் தன் பங்காக 1.16 சதவீதம் போடுகிறது, அதுவும் இதே 15,000 வரைதான்.

ஒரு லட்சம் சம்பளத்துக்கு நிர்வாகம் 12,000 ரூபாய் கட்டுகிறது என்றால், 1,250 ஓய்வூதியத்துக்குப் போனபின் மீதி 10,750 ரூபாய் அவருடைய பி.எஃப். கணக்கில் சேரும். அதாவது வரம்பு அவருடைய பணத்தைப் பறிப்பதில்லை. எந்தப் பெட்டியில் எவ்வளவு விழவேண்டும் என்பதை மட்டும் முடிவு செய்கிறது. அதிகம் சம்பாதிப்பவர்களில் பலர் “எனக்குப் பென்ஷன் மூவாயிரம் நாலாயிரம்தானாமே, ஏமாற்றிவிட்டார்கள்” என்று புலம்புவது, இரண்டு பெட்டிகளையும் சேர்த்துப் பார்க்காததால்தான். ஆனால் இரண்டு பெட்டிகளும் ஒன்றல்ல. பி.எஃப். என்பது கையில் வரும் மொத்தத் தொகை. கரைந்தால் கரைந்ததுதான். ஓய்வூதியம் சிறிதானாலும் சாகும்வரை வரும், பிறகு துணைவருக்குப் பாதி வரும். உச்சவரம்பு மேல்தட்டு ஊழியரை இரண்டாவதிலிருந்து முதலாவதுக்குத் தள்ளுகிறது.

ஓய்வூதியத்தைக் கணக்கிடும் சூத்திரம் எளிமையானது. ஓய்வூதியத்துக்குரிய சம்பளத்தைப் பணிபுரிந்த ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். அந்தச் சம்பளம் என்பது கடைசி 60 மாதங்களின் சராசரி. 2014-க்கு முன் கடைசி 12 மாதங்களின் சராசரியாக இருந்தது. வரம்புக்கு உட்பட்டவர் 35 ஆண்டுகள் வேலை பார்த்தால் 15,000 பெருக்கல் 35 வகுத்தல் 70, அதாவது 7,500 ரூபாய். காகிதத்தில் அதிகபட்சம் இவ்வளவு. நடைமுறையில் இன்று ஓய்வுபெறுபவர்களுக்கு அதுகூட வருவதில்லை. ஏன் என்று பார்க்க ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

கோயம்புத்தூரில் ஒரு பம்ப் தொழிற்சாலையில் ஒரு பெண் 1999 செப்டம்பரில் 4,500 ரூபாய் சம்பளத்தில் கணக்குப் பிரிவில் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது வயது 31. படிப்படியாக உயர்ந்து நிதிப் பிரிவின் மேலாளர் ஆகிறார். 2026 ஆகஸ்ட் முடிவில் 58 வயது நிறையும்போது அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து 80,000 ரூபாய். மொத்தப் பணி 27 ஆண்டுகள். 15,000-ஐ 27-ஆல் பெருக்கி 70-ஆல் வகுத்தால் 5,786 ரூபாய் வருகிறது. அவர் எதிர்பார்ப்பதும் இதைத்தான். ஆனால் 2014 திருத்தத்தில் ஒரு நிபந்தனை சேர்த்தார்கள். அந்தத் தேதிக்கு முந்தைய பணிக்காலத்துக்குப் பழைய வரம்பான 6,500-தான், அதன் பிறகான காலத்துக்கு மட்டுமே 15,000. ஆகவே அவருடைய முதல் 15 ஆண்டுகளுக்கு 6,500 பெருக்கல் 15 வகுத்தல் 70, அதாவது 1,393 ரூபாய். பிந்தைய 12 ஆண்டுகளுக்கு 2,571 ரூபாய். கூட்டினால் 3,964. இருபது ஆண்டுகளுக்கு மேல் பணிபுரிந்து 58-இல் ஓய்வுபெறுபவருக்கு இரண்டு ஆண்டுகள் கூடுதலாகச் சேர்த்துக் கணக்கிடுவார்கள். அதையும் சேர்த்தால்கூட 4,400 ரூபாயைத் தாண்டாது.

கடைசிச் சம்பளம் 80,000, ஓய்வூதியம் 4,400. நூற்றுக்கு ஐந்தரை ரூபாய். இதற்கு அகவிலைப்படியும் கிடையாது. முதல் மாதம் வரும் தொகைதான் இருபது வருடம் கழித்தும் வரும், யாராவது திட்டத்தையே திருத்தினால் ஒழிய.

சரி, இது அவருக்கு நஷ்டமா? வயதைப் பொறுத்தது என்பதுதான் என் பதில். இதைப் பேசுபவர்கள் அதிகம் கவனிக்காத இடம் இது.

ஓய்வூதியப் பெட்டியில் ஒரு வருடம் போடும் பணம் 15,000 ரூபாய் (மாதம் 1,250 வீதம் பன்னிரண்டு மாதம்). அந்த ஒரு வருடப் பணி வாங்கித் தருவது 15,000-இல் எழுபதில் ஒரு பங்கு, மாதம் 214 ரூபாய், வருடத்துக்கு 2,571 ரூபாய். ஐம்பத்தேழு வயதில் இந்த 15,000-ஐக் கட்டுபவர் அடுத்த வருடமே ஓய்வூதியம் வாங்கத் தொடங்குகிறார். ஆறு வருடத்துக்குள் போட்ட பணம் திரும்பிவிடும், அதற்குமேல் வருவதெல்லாம் லாபம். இதே 15,000-ஐ இருபத்தைந்து வயதில் கட்டுபவருக்கும் 58-இல் கிடைப்பது அதே வருடம் 2,571 ரூபாய்தான். ஆனால் அந்தப் பணம் பி.எஃப். பெட்டியில் விழுந்து 33 வருடம் 8 சதவீத வட்டியில் வளர்ந்திருந்தால் 1,90,000 ரூபாய் ஆகியிருக்கும். அந்தத் தொகையை வருடம் 2,571 வீதம் வட்டியே இல்லாமல் எடுத்துச் செலவழித்தாலும் எழுபது வருடத்துக்கு மேல் தாங்கும்.

இடையில் வரம்பு உயர்ந்தால் இந்த இளைஞருக்கும் நன்மை கிடைக்கும்தானே என்று கேட்கலாம். 2014-இல் செய்ததுபோல, பழைய காலத்துக்குப் பழைய வரம்பு என்று பிரித்தால் கிடைக்காது. அந்த வருடம் 15,000-இலேயே உறைந்து நிற்கும். ஆகவே இளம் வயதில் அதிகம் சம்பாதிப்பவருக்குத் தாழ்ந்த உச்சவரம்பு ஒரு பாதுகாப்பு. அவருடைய பணம் வளராத பெட்டிக்குப் போகாமல் வளரும் பெட்டிக்குப் போகிறது. ஓய்வை நெருங்குபவருக்கு அதே வரம்பு ஓர் இழப்பு. இதில் ஒன்றை மட்டும் ஒதுக்கிவைத்திருக்கிறேன். இந்தத் திட்டம் வெறும் சேமிப்பு அல்ல. ஊழியர் பணியில் இருக்கும்போதே இறந்தால் துணைவருக்கும் பிள்ளைகளுக்கும் ஓய்வூதியம் தருகிறது, நிரந்தர ஊனமானால் அவருக்கே தருகிறது. அந்தக் காப்பீட்டுக்கும் ஒரு விலை உண்டு. ஆனால் அதுவும் 15,000 வரம்புக்குள்தான் அளக்கப்படுகிறது.

அப்படியானால், முழுச் சம்பளத்துக்கும் ஓய்வூதியம் கேட்டு ஏன் பத்திருபது வருடம் வழக்கு நடந்தது? முழுச் சம்பளம் என்று வந்துவிட்டால் கணக்கே தலைகீழாகிறது. சூத்திரம் பார்ப்பது கடைசி ஐந்து வருடச் சம்பளத்தை. பணம் கட்டியதோ, அவரவர் அந்தந்த வருடம் வாங்கிய சம்பளத்தில். 4,500 ரூபாய் சம்பளத்தில் கட்டிய வருடத்துக்கும் எழுபதாயிரத்தில் ஒரு பங்கு வந்துவிடுகிறது. சம்பளம் எவ்வளவு வேகமாக ஏறியதோ அவ்வளவுக்கு ஆதாயம். எல்லோரையும் 15,000-இல் நிறுத்திவிட்டால் இந்த ஏற்றம் நிதியைத் தொடாது. முழுச் சம்பளத்தைத் திறந்துவிட்டால் அதிகம் உயர்ந்தவர்களுக்கு நிதி அதிகம் கொடுக்க வேண்டும், அதுவும் எல்லோரும் சேர்ந்து போட்ட ஒரே நிதியிலிருந்து. நியாயம் இரண்டு பக்கமும் இருக்கிறது. ஆனால் திருப்பூரில் 14,000 ரூபாய் வாங்குபவரும் பங்கு போட்ட நிதி அது என்பதை உயர் ஓய்வூதியம் கேட்பவர்கள் சொல்லுவதில்லை.

1996-இலிருந்தே சட்டத்தில் ஒரு வாசல் இருந்தது: ஊழியரும் நிர்வாகமும் சேர்ந்து விருப்பம் தெரிவித்தால் முழுச் சம்பளத்தில் 8.33 சதவீதம் கட்டலாம். 2014 திருத்தம் அந்த வாசலை அடைத்தது. 2022 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம், 2014 திருத்தத்தைப் பெரும்பாலும் செல்லும் என்று சொல்லிவிட்டு, அந்தத் தேதியில் பணியில் இருந்து தகுதி இருந்தும் விருப்பம் தெரிவிக்காமல் விட்டவர்களுக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுத்தது. வரம்புக்கு மேற்பட்ட சம்பளத்தில் ஊழியரே 1.16 சதவீதம் கட்ட வேண்டும் என்ற விதி செல்லாது என்றது. பிறகு மத்திய அரசு அந்த 1.16 சதவீதத்தை நிர்வாகத்தின் 12 சதவீதத்துக்குள்ளிருந்தே எடுத்துக்கொள்ள விதி செய்தது. ஊழியர்கள் விண்ணப்பிக்கும் கெடு நீண்டு நீண்டு 2023 ஜூலை 11-இல் முடிந்தது. இன்று புதிதாக யாரும் அந்த வரிசையில் நிற்க முடியாது.

அப்போது விண்ணப்பித்தவர்கள் ஒரு கணக்குப் போட வேண்டியிருந்தது. உயர் ஓய்வூதியம் சும்மா வராது. பணியில் சேர்ந்த நாள் முதல் வரம்புக்கு மேற்பட்ட சம்பளத்துக்கான 8.33 சதவீதத்தை வட்டியோடு பி.எஃப். பெட்டியிலிருந்து ஓய்வூதியப் பெட்டிக்கு மாற்ற வேண்டும். ஏற்கெனவே ஓய்வுபெற்று பி.எஃப். தொகையை வாங்கிச் செலவழித்தவர் கைப்பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும். ஒருவருக்கு 18 லட்சம் கட்டச் சொல்லி, மாதம் 20,000 ரூபாய் கூடும் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 2,40,000. வட்டியைக் கணக்கில் எடுக்காவிட்டால் ஏழரை வருடத்தில் ஈடாகிறது. அந்த 18 லட்சத்தை 7 சதவீத வட்டி தரும் இடத்தில் போட்டு, வருடம் 2,40,000 எடுத்துக்கொண்டே வந்தால் 11 வருடத்தில் தீர்ந்துபோகும். 58-இல் ஓய்வுபெற்றவருக்கு அது 69 வயது. எழுபத்தைந்து, எண்பது வரை வாழும் குடும்பம் என்றால் ஓய்வூதியம் லாபம். அதற்கு முன் இறந்தால் துணைவருக்குப் பாதி மட்டும் வரும், 18 லட்சத்தில் ஒரு ரூபாய்கூட வாரிசுக்குத் திரும்பாது. விலைவாசி ஏற்றத்துக்கு ஈடும் இல்லை. இதில் எல்லோருக்கும் பொருந்தும் ஒரே பதில் இல்லை. உடல்நிலை, துணைவரின் வயது, கையிருப்பு மூன்றையும் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இதுவரை பேசியது வரம்புக்கு மேலும் முழுச் சம்பளத்தில் பி.எஃப். கட்டும் நிறுவனங்களைப் பற்றி. உண்மையான இழப்பு இன்னொரு இடத்தில் இருக்கிறது. சட்டப்படி நிர்வாகத்தின் கட்டாயக் கடமை 15,000 வரை மட்டுமே. அதற்கு மேல் கட்டுவது விருப்பம். அதனால் பல நிறுவனங்கள் பி.எஃப்.-ஐ 15,000-இல் 12 சதவீதமான 1,800 ரூபாயோடு நிறுத்திவிடுகின்றன. சம்பளச் சீட்டில் பி.எஃப். பிடித்தம் சரியாக 1,800 என்று இருந்தால், உங்கள் நிறுவனம் அந்த வகை. அப்போது நிர்வாகத்தின் 1,800-இல் 1,250 ஓய்வூதியத்துக்குப் போய்விட, பி.எஃப்.-இல் சேருவது வெறும் 550.

அடிப்படைச் சம்பளம் 60,000 என்று வையுங்கள். முழுச் சம்பளத்தில் கட்டும் நிறுவனத்தில் இரு பங்கும் சேர்ந்து, 1,250 போக, மாதம் 13,150 ரூபாய் பி.எஃப்.-இல் சேரும். வரம்போடு நிறுத்திய நிறுவனத்தில் 2,350. சம்பளமே உயராமல் 25 வருடம் 8 சதவீத வட்டியில் ஓடினாலும் முதலாமவருக்கு ஏறத்தாழ 1.2 கோடி, இரண்டாமவருக்கு 21 லட்சம் சொச்சம். இருவருக்கும் ஓய்வூதியம் ஒன்றே. இரண்டாமவருக்கு மீதிப் பணம் மாதாமாதம் வேறு படியாகக் கைக்கு வந்திருக்கும், வரி பிடித்தபின். அதைத் தானே வேறு எங்காவது சேமித்தவருக்குக் குறையில்லை. ஆனால் கைக்கு வந்த பணம் ஈ.எம்.ஐ.-யாகவும் பள்ளிக் கட்டணமாகவும் போய்விடும் என்பது நமக்குத் தெரியாததா? வேலை மாறும்போது ஆண்டுச் சம்பளம் எவ்வளவு என்று கேட்பவர்கள், பி.எஃப். எந்தச் சம்பளத்தில் என்று கேட்பதில்லை. கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

இதே 15,000 இன்னொரு பலனையும் சுருக்குகிறது. பி.எஃப்.-உடன் இணைந்த ஆயுள் காப்பீட்டில், பணியில் இறக்கும் ஊழியரின் குடும்பத்துக்குக் கிடைக்கும் அதிகபட்சத் தொகை 7 லட்சம். மாதம் 15,000 வாங்கியவர் குடும்பத்துக்கும் அதுதான், இரண்டு லட்சம் வாங்கியவர் குடும்பத்துக்கும் அதுதான்.

அடுத்து, 2014 செப்டம்பர் 1-க்குப் பிறகு முதன்முறையாக வேலைக்குச் சேர்ந்து, முதல் சம்பளமே 15,000-க்கு மேல் என்றால் அவர் ஓய்வூதியத் திட்டத்தில் உறுப்பினரே ஆக முடியாது. நிர்வாகத்தின் 12 சதவீதமும் பி.எஃப்.-க்கே போக வேண்டும். ஏற்கெனவே உறுப்பினராக இருந்து, அந்தப் பணத்தை எடுக்காமல் வேலை மாறியவர் என்றால் தொடரலாம். சிக்கல் வருவது இங்கேதான். புதிதாகச் சேர்ந்தவருக்கும் வழக்கம்போல 1,250-ஐத் திருப்பிவிடும் சம்பளப் பிரிவுகள் உண்டு. தவறு ஓய்வின்போதோ, பணம் எடுக்க விண்ணப்பிக்கும்போதோதான் வெளிப்படும். மனு நிராகரிக்கப்படும், நிர்வாகம் கடிதம் கொடுக்க வேண்டியிருக்கும், சமயத்தில் அந்த நிர்வாகமே இருக்காது. எதிர்ப்பக்கத் தவறும் நடக்கிறது: உறுப்பினராகத் தொடர வேண்டியவருக்கு மூன்றாவது பத்தியில் பூஜ்ஜியம். பாஸ்புக்கில் முதல் மாதத்தையும், வேலை மாறிய மாதத்தையும் பார்த்தாலே இரண்டும் தெரிந்துவிடும். பத்து வருடப் பணி இருந்தால்தான் மாத ஓய்வூதியம். ஒவ்வொரு வேலை மாற்றத்திலும் அந்தச் சிறு தொகையை எடுத்துவிடுபவர்கள் மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குகிறார்கள்.

அமெரிக்காவிலும் இப்படி ஒரு வரம்பு இருக்கிறது. அங்கே சமூகப் பாதுகாப்பு வரி குறிப்பிட்ட ஆண்டுச் சம்பளம் வரைதான். 2014-இல் அது 1,17,000 டாலர், 2025-இல் 1,76,100 டாலர். நாட்டின் சராசரிச் சம்பளம் ஏறினால் வரம்பும் அதன்பின்னே ஏறும்படி சட்டத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள், யாரும் கூடிப் பேச வேண்டியதில்லை. இந்தியாவில் வரம்பு ஏற ஓர் அரசாணை வேண்டும். 2001-க்கு அடுத்து 2014-இல்தான் வந்தது. வரம்பு அசையாமல் நிற்கும்போது “அதிகம் சம்பாதிப்பவர்” என்ற பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. பதினாறாயிரம் சம்பளத்தில் முதல் வேலைக்குச் சேரும் ஓட்டுநரும் இந்தச் சட்டத்தின் பார்வையில் உயர் சம்பளக்காரர்தான், ஓய்வூதியத் திட்டத்துக்கு வெளியேதான். உச்சவரம்பு என்ற ஏற்பாட்டை நான் குறை சொல்லமாட்டேன். அதை ரூபாயில் எழுதி மறந்துவிடுவதைத்தான் சொல்கிறேன்.

வரம்பை 25,000-க்கு உயர்த்தலாம் என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. அப்படி நடந்தால் மாதம் 1,250 என்பது 2,082 ரூபாய் 50 பைசா ஆகும். கூடுதலான 832 ரூபாய் 50 பைசாவை யாரும் புதிதாகத் தரப்போவதில்லை. முழுச் சம்பளத்தில் கட்டுபவருக்கு அது அவருடைய பி.எஃப். பத்தியிலிருந்தே நகரும். 1,800-இல் நின்றிருந்த நிறுவனங்கள் மட்டும் 3,000 கட்ட வேண்டிவரும், ஊழியரிடமும் அதே அளவு பிடிக்கும், கையில் வரும் சம்பளம் குறையும். ஓய்வுக்கு ஐந்து வருடம் இருப்பவருக்கு, 2014 போலவே காலத்தைப் பிரித்துக் கணக்கிட்டால், மாதம் 714 ரூபாய் கூடும்.